இட்டலி வெந்தமை அறிதல்

இட்டலி அவிய எத்தனை நிமிடம் வேண்டும் என்று நான்கு வீடுகளிற் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். ஒருவர் எட்டு என்பார். மற்றொருவர் பத்து என்பார். பன்னிரண்டு, பதினைந்து என்போரும் உளர். இவர்களுள் எவரும் பொய் கூறுகின்றார் அல்லர். ஒருவர் அடுப்பு மூட்டிய நேரத்திலிருந்து எண்ணுகின்றார். ஒருவர் தட்டை உள்ளே இறக்கிய நேரத்திலிருந்து எண்ணுகின்றார். இன்னொருவரோ மூடியின் ஓரத்தால் ஆவி சீறி வெளிப்படத் தொடங்கிய பின்னரே எண்ணுகின்றார். தொடக்கம் வேறுபட்டால் முடிவும் வேறுபடுமன்றோ? ஆதலின், எத்தனை நிமிடம் என்பதை ஆராயுமுன் எங்கிருந்து எண்ணுவது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

நம்மவர்க்கு ஆவியில் அவிக்கும் கலை புதியதன்று. நீற்றுப்பெட்டியும் இடியப்பத் தட்டும் பிட்டுக் குழலும் இல்லாத வீடு அரிது. ஆயினும், இடியப்பம் அவித்துப் பழகிய கை இட்டலியிலே தடுமாறுவதுண்டு. காரணம் எளியது. இடியப்பத்தின் இழைகளுக்கிடையே ஆவி தாராளமாக நுழைந்து செல்லும். ஒவ்வோர் இழையும் மெல்லியது. சில நிமிடங்களிலே உள்ளும் புறமும் வெந்துவிடும். பிட்டும் அத்தகையதே, மாத்துகள்களுக்கிடையிலுள்ள இடைவெளிகளால் ஆவி ஏறிச் செல்கின்றது. இட்டலியோ ஒரே பிண்டமான மா. ஆவி அதன் மேற்புறத்தையும், அது கிடக்கும் குழியின் அடிப்புறத்தையுமே தொட முடியும். அங்கிருந்து வெப்பம் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து நடுவைச் சேரவேண்டும். மாவின் நடுவில் எண்ணற்ற வாயுக் குமிழிகள் இருப்பதால் அந்தப் பயணம் இன்னும் மெதுவாகின்றது. இத்தகைய பொருள்களிலே தடிப்பு இருமடங்கானால் வெப்பம் நடுவை அடையும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். குழி நிறைய, விளிம்பு தளும்ப மா வார்ப்பவர் வீட்டில் இட்டலி நடுவில் வேகாதிருப்பதன் காரணம் இதுவே. குழியின் முக்காற் பங்கு வார்த்தல் போதும். மீதியைப் பொங்கும் மா நிரப்பிக்கொள்ளும்.

ஆவி எவ்வாறு இவ்வளவு விரைவாக வேகவைக்கின்றது என்பதும் அறியத்தக்கது. கொதிநீரின் வெப்பமும் அதிலிருந்து எழும் ஆவியின் வெப்பமும் ஒன்றே; கடல்மட்டத்தில் சதம அளவிலே 100 பாகை. ஆனால் ஆவி ஒரு குளிர்ந்த பொருளைத் தொட்டு மீண்டும் நீராக மாறும்பொழுது, தன்னுள் மறைந்திருந்த பெருவெப்பத்தை அப்பொருளுக்குக் கொடுத்துவிடுகின்றது. ஒரு கிராம் ஆவி அவ்வாறு நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வெளிப்படும். ஒரு கிராம் கொதிநீர் பனிக்கட்டியின் குளிர்வரை ஆறினாலும் 100 கலோரியே தரும். கொதிநீர் பட்டதைக் காட்டிலும் ஆவி பட்ட கை கடுமையாக வெந்துபோவதன் காரணமும் இஃதேயாம்.

இனி ஒரு சட்டியை எடுத்து நோக்குவோம். மூன்று தட்டுகள், தட்டுக்கு நான்கு குழிகள், ஆகப் பன்னிரண்டு இட்டலி. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 45 கிராம் மா வார்த்தால், மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலாகும். அறையின் வெப்பநிலையில், அதாவது 28 பாகையளவில், உள்ள அந்த மாவைக் கொதிநிலைக்கு அண்மையிற் கொண்டுவர வேண்டிய வெப்பத்தைக் கணக்கிட்டால், அதற்கு ஏறத்தாழ 60 கிராம் ஆவியே தேவைப்படுகின்றது. கால் கோப்பை நீர்! சட்டியில் ஊற்றும் நீரின் எஞ்சிய பெரும்பகுதி, தட்டுகளையும் சட்டியையும் சூடாக்குவதிலும், மூடியின் இடுக்கால் வெளியேறுவதிலுமே கழிகின்றது. இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மூடியின் ஓரத்தால் ஆவி இடையறாது வெளிப்படத் தொடங்கியபின் நெருப்பைப் பெருக்குவதால் இட்டலி விரைவில் வேகாது. சட்டியின் உள்ளே வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறப்போவதில்லை. எரிபொருளும் நீருமே வீணாகும். போதாக்குறைக்குக் கொதிநீர் துள்ளிக் கீழ்த்தட்டு இட்டலிகளின் அடியை நனைத்துவிடும்.

சட்டியில் நீர் ஒன்றரை அங்குல உயரத்துக்கு நிற்கலாம். கீழ்த்தட்டின் அடி அந்நீரைத் தொடாதிருத்தல் வேண்டும். கொதிக்கும்போது எழும் குமிழிகளும் அதை எட்டலாகாது. தட்டுகளை அடுக்கும்போது ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வராதவாறு சற்றுத் திருப்பி வைத்தால், பொங்கி எழும் இட்டலியின் தலை மேல்தட்டில் இடியாது. ஆவிக்கும் வழி கிடைக்கும். நீர் நன்றாகக் கொதித்த பின்னரே தட்டுகளை இறக்குதல் வேண்டும். குளிர்ந்த நீரின் மேல் தட்டை வைத்து அடுப்பு மூட்டுவோர் உளர். அவ்வாறு செய்தால் மா இளஞ்சூட்டிலே நெடுநேரம் கிடந்து தளர்கின்றது, உழுந்தின் பசை பிடித்துவைத்திருந்த குமிழிகள் சில உடைந்து போகின்றன, இட்டலி தட்டையாகின்றது.

கொதிக்கும் சட்டியில் தட்டுகளை இறக்கி மூடியவுடன் வெளிவந்துகொண்டிருந்த ஆவி நின்றுவிடுவதைப் பலர் கவனித்திருப்பர். எழும் ஆவி முழுவதும் குளிர்ந்த உலோகத்திலும் மாவிலும் படிந்து நீராகிவிடுவதே அதற்குக் காரணம். இரண்டு மூன்று நிமிடங்களின் பின் மீண்டும் மூடியின் ஓரத்தால் ஆவி வெளிப்படும். மணிக்கூட்டைப் பார்க்கவேண்டிய கணம் அதுவே. அக்கணத்திலிருந்து மூன்று தட்டுச் சட்டிக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே தட்டாயின் எட்டு நிமிடத்திற் பார்க்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை உடனே வார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடவேண்டும். அதை முன்கூட்டியே வெளியில் வைத்து ஆறவிடுதல் நன்று. முதல் எட்டு நிமிடத்துக்குள் மூடியைத் திறத்தல் கூடாது. ஆவல் மிகுந்து திறப்பவர் சட்டியிலுள்ள ஆவி அனைத்தையும் வெளியே விட்டுவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றார்.

திறக்கும்போது மூடியை நேரே மேலே தூக்காது, தமக்கு அப்பாற்பட்ட பக்கமாகச் சரித்து எடுத்தால் ஆவி முகத்தில் அடியாது. மூடியிற் படிந்த நீரும் இட்டலிமேற் சொட்டாது. குவிந்த மூடியாயின் அந்நீர் ஓரமாக வழிந்துவிடும். தட்டையான மூடி உடையோர் அதன் உட்புறத்தில் ஒரு சுத்தமான துணியைக் கட்டிவிடுவதுண்டு, நல்ல வழக்கம். துணியின் நுனிகள் மட்டும் நெருப்பின் பக்கம் தொங்கலாகாது.

இப்பொழுது வெந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். முதலாவது கண் சொல்லும். வேகாத மாவின் மேற்பரப்பு ஈரமாய் மினுங்கும். வெந்த இட்டலியின் மேற்பரப்பு மினுக்கம் இழந்து மங்கலாய், நடுவில் மெல்ல உயர்ந்து நிற்கும். அடுத்தது விரல். விரலை நீரில் நனைத்து இட்டலியின் நடுவை மெதுவாகத் தொட்டால் மா ஒட்டக்கூடாது. அழுத்திய இடம் உடனே மீண்டெழவேண்டும். ஆயினும் இவ்விரண்டும் மேற்புறத்தையே சோதிக்கின்றன. நடுவின் நிலையை அறிய ஈர்க்குத்தான் வேண்டும். சுத்தமான தென்னை ஈர்க்கொன்றை நீரில் நனைத்து, நடுவிலே அடிவரை குத்தி எடுத்தால், அது ஈரமாக மட்டும் வரவேண்டும். வெண்மையான பசை ஒட்டியிருப்பின் இன்னும் இரண்டு நிமிடம் மூடிவைத்தல் வேண்டும். எந்த இட்டலியைக் குத்துவது என்பதும் முக்கியம். கைக்கு எளிதில் எட்டும் மேல்தட்டின் ஓரத்து இட்டலியைக் குத்தித் திருப்தியடைவது பலரது வழக்கம். மேலும் கீழும் தட்டுகள் நெருக்க, ஆவி இடுங்கிச் செல்லவேண்டிய நடுத்தட்டிலே ஒன்றைச் சோதித்தலே தக்கது.

வெந்தபின் அடுப்பை அணைத்து, தட்டுகளை வெளியில் எடுத்து மூன்று நிமிடம் வாளாவிருத்தல் வேண்டும். சுடச்சுட எடுத்த இட்டலி அடியில் ஒட்டிப் பிய்ந்து வருவதைக் கண்டு, வேகவில்லை என்று எண்ணித் திரும்பவும் சட்டியில் இடுவார் உளர். அது வேகாமையன்று. கொதிநிலையில் மாப்பசை இளகியே இருக்கும். சற்று ஆறியபின்னரே இறுகி உருப்பெறும். நீரில் நனைத்த தேக்கரண்டியை ஓரத்தால் நுழைத்துச் சுற்றினால் இட்டலி முழுதாய்க் கழன்று வரும். துணியில் வார்த்தவர்கள் இட்டலியைக் கவிழ்த்துத் துணியின் மேல் சிறிது நீர் தெளித்து உரிக்கலாம்.

ஐயம் தீராதாயின் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தல் வேண்டும். நன்கு வெந்தது எங்கும் ஒரே வெண்மையாய், சிறு துளைகள் நிறைந்ததாய் இருக்கும். நடுவிலே கண்ணாடிபோன்ற ஒரு பொட்டு, துளையின்றிப் பசையாய்த் தெரிந்தால் அது வேகாத இட்டலி. அத்தகைய பொட்டு நடுவிலன்றி அடியில் மட்டும் இருந்தால் கொதிநீர் தெறித்திருக்கின்றது. அதற்கு நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, நீரைக் குறைத்தல் வேண்டும். நெடுநேரம் அவிந்ததோ மேற்புறம் வறண்டு, கடிக்கையில் இறப்பர்போல் இழுபடும். பதினைந்து நிமிடத்தின் பின்னும் ஈர்க்கில் பசை ஒட்டி, இட்டலியும் தட்டையாய்க் கிடந்தால் அடுப்பைக் குறைகூறுவதில் நியாயமில்லை. மாவில் நீர் கூடிவிட்டது, அல்லது மா அளவுக்குமேற் புளித்துத் தன் காற்றை இழந்துவிட்டது. அம்மாவைத் தோசைக்கு ஒதுக்கிவிடுதலே சிக்கனம்.

ஒரு சட்டி அவிந்தபின் அடுத்ததை ஏற்றும்போது நீரின் அளவைப் பார்த்தல் வேண்டும். குறைந்திருப்பின் கேத்தலிற் கொதித்த நீரையே ஊற்றவேண்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, சொன்ன கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

மேற்கூறிய நிமிடங்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் பொருந்தும். நுவரெலியாவிலே பொருந்தா. அவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. வளியமுக்கம் குறைவாகையால் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகின்றது. எழும் ஆவியின் வெப்பமும் அவ்வளவே. அரிசி மா பசையாவதற்கு அவ்வெப்பம் தாராளமாகப் போதும். ஆனால் நடுவைச் சென்றடையக் கூடிய நேரம் பிடிக்கும். அங்குள்ள குளிரில் மாவும் தட்டும் மிகவும் குளிர்ந்தே இருக்குமாதலால் ஆவி மீண்டும் வெளிப்படுவதும் தாமதமாகும். ஆவி வெளிப்பட்டபின் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் விட்டு ஈர்க்கால் குத்திப் பார்ப்பதே அங்கு முறை. நேரம் நீளுவதற்கேற்பச் சட்டியில் நீரையும் தொடக்கத்திலேயே, கீழ்த்தட்டுக்கு எட்டாத அளவில், ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றிக்கொள்ளல் வேண்டும்.