நுரையீரலில் கட்டி, கண்ணில் அடையாளம்

மருத்துவ வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு நோயாளி உண்டு. பல வருடம் புகைபிடித்தவர். வலது தோளில் வலி. தைலம் தேய்த்தும் தீரவில்லை. வலது இமை லேசாக இறங்கியிருக்கிறது, அந்தக் கண்ணின் பாவை சிறுத்திருக்கிறது, முகத்தின் வலப்பாதி வியர்ப்பதில்லை. மருத்துவர் எடுக்கச் சொல்வது மார்பு எக்ஸ்ரே.

காரணம், கண்ணுக்குப் போகும் சிம்பதெடிக் நரம்பின் சுற்றுவழி. சிம்பதெடிக் இழைகள் தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் முதல் துண்டம் தொடங்கி, இடுப்புப் பகுதியின் இரண்டாம் துண்டம் வரைதான் வெளியேறுகின்றன. மூளையிலிருந்து நேராக இறங்கும் கிளை கிடையாது. ஆகவே தலைக்குத் தேவையானதும் மார்பிலிருந்தே கிளம்பி, நுரையீரலின் உச்சியை ஒட்டிக் கழுத்தில் ஏறுகிறது. அங்கே மேல் கழுத்து நரம்பு முடிச்சில் இழை மாறி, தலைக்குள் செல்லும் தமனியைப் பற்றிக்கொண்டு கண்ணை அடைந்து பாவையை விரிக்கிறது. நுரையீரல் உச்சியில் வளரும் கட்டி இந்த வழியை அழுத்தினால் பாவை விரிய முடியாது. சூரிச் நகரக் கண் மருத்துவர் ஹார்னர் 1869-இல் விவரித்ததால் இக்குறித்தொகுதிக்கு அவர் பெயர்.

பாவையைச் சுருக்குவது பாராசிம்பதெடிக். அதன் ஊற்று தண்டுவடத்தின் நடுப்பகுதியில் இல்லை. மூளைத்தண்டிலிருந்து 3, 7, 9, 10-ஆம் மூளை நரம்புகள் வழியாகவும், கீழே திருவெலும்புப் பகுதியின் 2 முதல் 4 வரையான துண்டங்களிலிருந்தும் வருகிறது. கண்ணுக்குரியது மூன்றாம் நரம்பு. இழை மாறுவது கண்ணுக்குப் பின்னாலேயே உள்ள சிலியரி முடிச்சில். சிம்பதெடிக் முடிச்சுகள் பெரும்பாலும் முதுகெலும்பை ஒட்டியும் அதன் முன்னாலும், பாராசிம்பதெடிக் முடிச்சுகள் உறுப்பின் அருகிலோ சுவரிலோ. தேர்வு விடையில் இந்த ஒரு வரி இருந்தால், எதில் முதல் இழை குட்டை, எதில் நெட்டை என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மாணவர்கள் சறுக்குவது உறுப்புப் பட்டியலில். ‘எல்லா உறுப்புக்கும் இரண்டும் உண்டு’ என்று எழுதிவிடுவார்கள். வியர்வைச் சுரப்பிக்கும் கைகால் ரத்தக் குழாய்களுக்கும் சிம்பதெடிக் மட்டுமே. வேகஸ் என்ற பத்தாம் நரம்பும் குடல் முழுவதற்கும் போவதில்லை. குறுக்குப் பெருங்குடலின் பெரும்பகுதியோடு நின்றுவிடுகிறது. மிச்சக் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் திருவெலும்பு இழைகளே பொறுப்பு.

இமை இறங்கிய எல்லோருக்கும் ஹார்னர் குறை என்று சொல்லிவிடவும் முடியாது. விளக்கை அணைத்துப் பார்த்தால் தெரியும்: ஹார்னர் குறையில் சிறிய பாவை இருட்டிலும் மெதுவாகவே விரியும், இமையும் ஓரிரு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். மூன்றாம் நரம்பு முடங்கினால் நேர்மாறு. இமை கண்ணையே மூடிவிடலாம். தூக்கிப் பார்த்தால் விழி வெளிப்புறமாகக் கீழே திரும்பியிருக்கும். பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால், மூளைத் தமனியில் உண்டான வீக்கம் அழுத்தும்போது அவையே முதலில் நசுங்கி, பாவை விரிந்து நிற்கும். தலைவலியோடு அப்படி வருபவருக்கு அன்றைக்கே ஸ்கேன் எடுக்கிறார்கள்.