கால்வாய் மூடப்பட்டால் ஒப்பந்தம் முறியுமா?

சரக்கு வரத்து திடீரென நின்றுபோகும்போது, விற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத்திலுள்ள ‘ஃபோர்ஸ் மஜூர்’ சரத்தைக் காட்டித் தம் பொறுப்பிலிருந்து விலக முயல்கிறார். போர், வெள்ளம், வேலைநிறுத்தம், ஏற்றுமதித் தடை போன்று இரு தரப்பின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட நிகழ்வு ஒன்று ஒப்பந்தத்தை நிறைவேற்றவிடாமல் தடுத்தால், கெடுவை நீட்டிக்கவோ ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ இடமளிப்பதே இச்சரத்தாகும். ஆனால் அத்தகைய நிகழ்வு நடந்தது என்பது மட்டும் விற்பவருக்குப் போதாது. அந்த நிகழ்வு எதைத் தடுத்தது, தடைபட்டதாகச் சொல்லப்படும் செயலும் சரத்து குறிப்பிடும் செயலும் ஒன்றுதானா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

இதைத் தெளிவாக்கும் வழக்கு சூயஸ் கால்வாயைச் சார்ந்தது. 1956 அக்டோபரில், சூடானிய நிலக்கடலை 300 டன்னை ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்ப ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. விற்பனை ‘சி.ஐ.எஃப்.’ முறையிலானது, அதாவது சரக்கின் விலையோடு, சேருமிடம் வரையிலான கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் பேசிய தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். நவம்பர் அல்லது டிசம்பரில் சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். நவம்பர் 2ஆம் தேதி போரினால் கால்வாய் அடைபட்டது. அது மீண்டும் திறக்க அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஆயிற்று. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் வழி திறந்தே இருந்தபோதிலும், அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு தொலைவும் இரு மடங்கு வரை வாடகையும் கொண்டதாயிருந்ததால், விற்பவர் சரக்கை அனுப்பவே இல்லை.

போர், முற்றுகை முதலியவற்றால் கப்பலேற்றம் தடைபட்டால் கெடு இரண்டு மாதம் வரை நீளும் என்றும், அதன்பின்னும் தடை தொடர்ந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்றும் அவர்களுடைய சரத்து கூறியது. போரும் நடந்தது, கால்வாயும் மூடியது என்பதால், மேலோட்டமாகப் படிப்பவருக்கு விற்பவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கப்பலேற்றம் என்பது சரக்கைச் சூடான் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது மட்டுமே. துறைமுகத்தில் ஏற்றுவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. தடைபட்டது அதன்பின் செல்ல வேண்டிய வழக்கமான கடல்வழி. எனவே சரத்து இயங்கவில்லை. ஒப்பந்தமே அடிப்படையில் வேறொன்றாகிவிட்டது என்ற மாற்று வாதமும் நிற்கவில்லை. சூயஸ் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் நிபந்தனை விதிக்கவில்லை, ஹாம்பர்க்கில் சேர வேண்டிய நாளும் குறிக்கப்படவில்லை, நெடும்பயணத்தில் நிலக்கடலை கெட்டுவிடும் என்பதற்குச் சான்றும் இல்லை. 1961இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக, விற்பவரே இழப்பீடு தர வேண்டும் என்று முடிவுசெய்தது. மேற்சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று மாறியிருந்தாலும் வாதம் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும் என்பதால், சரத்தை மட்டும் தனியே பிரித்துப் படிப்பது ஆபத்தானது. வழி, கெடு, சரக்கின் தன்மை ஆகியவற்றைக் கூறும் பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தீர்ப்பு இந்தியாவுக்கு அந்நியமானதன்று. இந்தோனேசிய நிலக்கரியின் விலை அந்நாட்டு விதிமாற்றத்தால் உயர்ந்ததைக் காரணம் காட்டி மின் உற்பத்தி நிறுவனங்கள் இதே சலுகையைக் கோரிய ‘எனர்ஜி வாட்ச்டாக்’ வழக்கில், 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் சூயஸ் வழக்கை எடுத்துக்காட்டியது. எரிபொருள் விலைமாற்றம் ஃபோர்ஸ் மஜூர் ஆகாது என்று அந்த மின் ஒப்பந்தமே விலக்கி வைத்திருந்தது. ஒப்பந்தத்தில் சரத்து இருக்கும்போது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவும், சரத்துக்கு வெளியே நிகழ்வு அமையும்போது, நிறைவேற்ற இயலாமை பற்றிய 56ஆம் பிரிவும் பொருந்தும் என்றும், இத்தகைய சரத்துகளைக் குறுக்கியே பொருள்கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் விளக்கியது. செலவு கூடியது என்பது வேறு, செய்யவே முடியாமற்போனது என்பது வேறு. சில ஒப்பந்தங்கள் ‘தடுத்தால்’ என்பதோடு நில்லாமல் ‘இடையூறு செய்தால்’ அல்லது ‘தாமதப்படுத்தினால்’ என்றும் எழுதுகின்றன. அங்கே விற்பவர் நிரூபிக்க வேண்டிய சுமை வெகுவாகக் குறைகிறது.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பல கப்பல் நிறுவனங்கள் மீண்டும் நன்னம்பிக்கை முனை வழியாகச் சென்றபோது இதே கேள்வி திரும்பவும் எழுந்தது. ஃபோர்ஸ் மஜூர் சரத்தைக் காட்டி விற்பவர் அனுப்பும் அறிவிப்பு ஒன்று கைக்கு வந்தால், வாங்குபவர் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ உடனே பதில் எழுதிவிடாமல், அறிவிப்பு சரத்தில் குறித்த காலக்கெடுவுக்குள் அனுப்பப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். தாமத அறிவிப்பு உரிமையை இழக்கச் செய்யும் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த ஒரு தேதியே வழக்கை முடித்துவிடலாம். பின்னர், தம் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று குறிப்பிட்டு, எந்தச் செயல் எந்த நாளில் தடைபட்டது, மாற்று வழிக்கு விற்பவர் என்ன முயன்றார் என்பதற்கான ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும்.