பழுதான பிரிட்ஜும் மூன்று மாதக் கெடுவும்: நுகர்வோர் முறைப்பாட்டை எழுதுவது எப்படி?

வீட்டுக்கு வாங்கிய பிரிட்ஜ், வொஷிங் மெஷின், ரீவி போன்றவை சில வாரங்களிலேயே பழுதானால் நாம் முதலில் எடுத்துப் பார்ப்பது வொரண்டி கார்டைத்தான். அதில் இரண்டு வருடம் என்று இருக்கும். பிரிட்ஜ் என்றால் கம்பிரசருக்கு மட்டும் பத்து வருடம் என்றும் போட்டிருப்பார்கள். "காலம் நிறையக் கிடக்கிறதே" என்ற நிம்மதியோடு கடைக்காரர் சொல்லும் தவணைகளுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்போம். பலருடைய நியாயமான முறைப்பாடு வலுவிழப்பது இந்த இடத்தில்தான்.

காரணம், வொரண்டிக் காலம் வேறு, முறைப்பாட்டுக் காலம் வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு அமைவாக இல்லாத பொருளை விற்றது தொடர்பான முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதிகார சபைக்குச் செய்ய வேண்டும். கணக்கு தொடங்குவது பொருள் பழுதான நாளிலிருந்து அல்ல, விற்கப்பட்ட நாளிலிருந்து. திருத்துநர் வந்துபோன நாட்களும் "அடுத்த கிழமை வாங்க" என்று சொன்ன நாட்களும் இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே கழிகின்றன.

பாவனையாளர் அதிகார சபை என்று நாம் பேச்சில் சொல்வதும் இந்த நிறுவனத்தைத்தான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். மாவட்டச் செயலகங்களில், அதாவது கச்சேரிகளில், அதன் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் தொலைபேசியில் சொன்னது எழுத்து மூல முறைப்பாடு ஆகாது. அதை எப்படி எழுதுவது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

கல்முனையில் ஒரு குடும்பத் தலைவி 2025 பெப்ரவரி 12ஆம் திகதி 184,500 ரூபாவுக்கு இரண்டு கதவு பிரிட்ஜ் ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3ஆம் திகதி, நோன்பு தொடங்கியிருந்த வேளையில், பிரீசரில் ஐஸ் உருகத் தொடங்கியது. கம்பிரசர் நிற்காமல் ஓடியது, ஆனால் குளிர் இல்லை. 6ஆம் திகதி கடையிலிருந்து வந்த திருத்துநர் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று நிரப்பிவிட்டுப் போனார். 24ஆம் திகதி அதே கோளாறு. 27ஆம் திகதி மறுபடியும் கேஸ் நிரப்பி, போக்குவரத்துச் செலவென்று 3,000 ரூபாவும் வாங்கினார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி மூன்றாவது தடவையும் அதேபோல் நின்றது. கடையில் கேட்டபோது "சித்திரைப் புத்தாண்டு முடியட்டும்" என்றார்கள்.

மூன்று மாதம் மே 12ஆம் திகதி முடிகிறது. இன்னொரு தடவை கேஸ் நிரப்பி இருபது நாள் ஓடவிட்டால் கெடு வாசலுக்கு வந்துவிடும். ஆகவே இந்தப் பெண் செய்ய வேண்டிய முதல் வேலை, கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவது. ஏப்ரல் 17ஆம் திகதி அனுப்பி, ஏழு நாள் அவகாசம் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி அல்லது வேறு புதிய பிரிட்ஜ் தரும்படி கேட்கிறார். சட்டம் இதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆனால் "எங்களிடம் அவர் கேட்கவே இல்லை" என்று கடை பின்னால் சொல்ல முடியாமல் இந்தக் கடிதம் தடுத்துவிடும். பதில் வராததால் ஏப்ரல் 28ஆம் திகதி அதிகார சபைக்கு முறைப்பாட்டை அனுப்புகிறார். வாங்கி 75 நாள்தான் ஆகிறது. ஏதாவது ஆவணம் குறைகிறது என்று திருப்பிக் கேட்டாலும் இரண்டு கிழமை கையில் இருக்கிறது.

முறைப்பாடு ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம் போதும். தமிழிலேயே எழுதலாம். மேலே முறைப்பாட்டாளரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். அடுத்து எதிர்த்தரப்பான கடையின் பெயரும் முகவரியும், பற்றுச்சீட்டில் உள்ளபடியே. சந்தியில் தொங்கும் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் பற்றுச்சீட்டில் இன்னொரு கம்பனியின் பெயரும் இருப்பது சாதாரணம். பணம் வாங்கியதாகப் பற்றுச்சீட்டில் இருப்பவரே விற்பனையாளர்.

அடுத்து வருவது சம்பவ விவரம். நம்மில் பலர் இங்கேதான் கோபத்தைக் கொட்டிவிடுகிறோம். "ஏமாற்றுக்காரர்கள்", "ஏழைகளின் பணத்தைச் சுரண்டுகிறார்கள்" என்ற வார்த்தைகள் விசாரணை அதிகாரிக்கு எந்த உதவியும் செய்யாது. அவருக்குத் தேவை திகதியும் அன்று நடந்ததும் அதற்குரிய ஆதாரமும். ஒரு பந்திக்கு ஒரு சம்பவம் என்று இலக்கமிட்டு எழுதினால் போதும்:

1. நான் 2025.02.12 அன்று மேற்படி கடையில் 184,500 ரூபா செலுத்தி ஒரு குளிர்சாதனப் பெட்டியை வாங்கினேன். அதன் மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளன. (இணைப்பு 1)

2. அதற்கு இரண்டு வருட உத்தரவாதம் தரப்பட்டது. (இணைப்பு 2)

3. 2025.03.03 அன்று பெட்டி குளிர்விப்பதை நிறுத்தியது. 03.06 அன்று கடையின் திருத்துநர் வாயு நிரப்பினார். (இணைப்பு 3)

4. 03.24 அன்று அதே பழுது மீண்டும் ஏற்பட்டது. 03.27 அன்று இரண்டாவது தடவை வாயு நிரப்பப்பட்டது. என்னிடம் 3,000 ரூபா அறவிடப்பட்டது. (இணைப்பு 4, 5)

5. 04.10 அன்று மூன்றாவது தடவையாக அதே பழுது ஏற்பட்டது. அதன்பின் யாரும் வந்து பார்க்கவில்லை. (இணைப்பு 6)

6. 04.17 அன்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. (இணைப்பு 7)

இந்த ஆறு பந்திகளில் வழக்கைத் தாங்கி நிற்பவை மூன்றாவதும் நான்காவதும். பிரிட்ஜில் உள்ள வாயு பெற்றோல் போலச் செலவாகிப் போவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் திரும்பவும் குறையும். விசாரணையில் கடைத்தரப்பு பெரும்பாலும் சொல்லும் பதில் "உங்கள் வீட்டுக் கரண்ட் கூடிக் குறைகிறது" என்பதாகும். மின்னழுத்தக் கோளாறு கம்பிரசரையோ மின்சுற்றையோ எரிக்கலாம். குழாயில் இருந்து வாயு கசியச் செய்வது அதுவல்ல. இரண்டு தடவையும் தாங்கள் செய்தது வாயு நிரப்பியதுதான் என்று அவர்களது வேலைத்தாளே சொல்லும்போது அந்தப் பதில் நிற்காது.

அதனால் திருத்துநர் வரும்போதெல்லாம் வேலைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். "செக் பண்ணினோம், ஓகே" என்று மட்டும் எழுதித் தந்தால், என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்பதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வேலைத்தாளே தரவில்லை என்றால் அன்றே கடைக்கு வாட்ஸ்அப்பில் "இன்று உங்கள் திருத்துநர் வந்து கேஸ் நிரப்பினார்" என்று ஒரு வரி அனுப்பிவையுங்கள். திகதியோடு அது பதிவாகிவிடும்.

அடுத்தது நிவாரணம், அதாவது நீங்கள் கேட்பது. விசாரணையின் முடிவில் முறைப்பாடு நியாயம் என்று கண்டால் நட்டஈடு செலுத்தும்படியோ, பொருளை மாற்றித் தரும்படியோ, பணத்தைத் திருப்பித் தரும்படியோ கட்டளையிடச் சட்டம் அதிகார சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருப்பதால் இந்த அதிகாரம் இல்லாமல் போய்விடாது.

"தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதே தெரியாது. மாறாக இப்படி எழுதலாம்: "செலுத்திய 184,500 ரூபாவைத் திருப்பித் தரும்படியும், அது முடியாதவிடத்து அதே வகையான புதிய பெட்டியைத் தரும்படியும், எவ்வாறாயினும் என்னிடம் அறவிட்ட 3,000 ரூபாவைத் திருப்பித் தரும்படியும் கட்டளையிடுமாறு வேண்டுகிறேன்." முதலாவது கோரிக்கை, அது இல்லையென்றால் இரண்டாவது, அதோடு கையிலிருந்து போன செலவு என்ற வரிசை இதில் தெளிவாக இருக்கிறது. பழுதாகிப்போன இறைச்சி, மீனுக்கும் கேட்கலாமா? பில் இருந்தால் கேட்கலாம். பில் இல்லாத தொகைகளையும் "மன உளைச்சலுக்கு ஐந்து இலட்சம்" போன்றவற்றையும் சேர்த்தால், உறுதியான கோரிக்கையின் மீதும் சந்தேகம் விழும்.

கடைசியாக இணைப்புகள். பற்றுச்சீட்டு, கடை முத்திரையும் திகதியும் உள்ள வொரண்டி கார்ட், இரண்டு வேலைத்தாள்கள், 3,000 ரூபாவுக்கான சீட்டு, கடையோடு பரிமாறிய செய்திகளின் அச்சுப்பிரதி, கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் சீட்டும் என்று ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் அதன் இலக்கத்தை எழுதுங்கள். அனுப்புவது பிரதிகளை மட்டுமே. மூலப் பத்திரங்கள் உங்களிடமே இருக்க வேண்டும், விசாரணை நாளில் அவற்றைக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு விஷயங்களை வீட்டிலேயே சரிபாருங்கள். பிரிட்ஜில் ஒட்டியுள்ள தொடர் இலக்கமும், பற்றுச்சீட்டிலும் வொரண்டி கார்டிலும் உள்ள இலக்கமும் ஒன்றுதானா? ஓர் எழுத்து மாறினாலும் "இது நாங்கள் விற்ற பெட்டியல்ல" என்று சொல்ல இடம் கிடைக்கும். அடுத்து, இப்போது பல கடைகள் தரும் பற்றுச்சீட்டு மெல்லிய வெப்பத்தாளில் அச்சானது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.

விசாரணைக்கு இரு தரப்பும் அழைக்கப்படும். கடைக்காரருக்கும் தன் பக்கத்தைச் சொல்லச் சட்டம் சந்தர்ப்பம் கொடுக்கிறது. அங்கே "நாங்களே திருத்தித் தருகிறோம்" என்று அவர் முன்வரலாம். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஏற்பதானால் எத்தனை நாளில், திரும்பப் பழுதானால் என்ன செய்வது என்பதை எழுத்தில் வாங்காமல் முறைப்பாட்டை வாபஸ் பெறாதீர்கள். கட்டளை கிடைத்தும் கடை பணம் தராவிட்டால், அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிட முடியும்.

தவணை முறையில் வாங்கியவர்கள், முறைப்பாடு நடக்கிறது என்பதற்காகத் தவணையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பழுதைப் பற்றிய விசாரணை உங்கள் கடன்பாக்கியைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

மூன்று மாதம் கடந்துவிட்டவர்களுக்கு வொரண்டியின்படி கடையிடம் கேட்கும் உரிமை இருக்கத்தான் செய்கிறது. மறுத்தால் சிவில் நீதிமன்றம் போகலாம். ஆனால் அது சட்டத்தரணியும் செலவும் காலமும் தேவைப்படும் பாதை. ஆகவே புதிதாக ஏதாவது வாங்கினால், வாங்கிய திகதியிலிருந்து மூன்று மாதம் எந்த நாளில் முடிகிறது என்பதை வொரண்டி கார்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அதே பழுது இரண்டாவது தடவை வந்தால் மூன்றாவது தடவைக்குக் காத்திராமல் கடைக்கு அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.