தங்கம் விலை தினமும் மாறுவது ஏன்? விலை குறையும்வரை காத்திருப்பது சிறு குடும்பங்களுக்குப் பலன் தருமா?

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளின் எல்லையோரக் குடும்பங்களுக்கு நகை வாங்க இரு மாநிலச் சந்தைகள் உள்ளன. பாறசாலையிலிருந்து சில கிலோ மீட்டர் சென்றால் தமிழகத்தின் களியக்காவிளை. இரு பக்கமும் ஜிஎஸ்டி ஒரே 3 சதவீதம்தான். ஆனால், அன்றைய விலையை அந்தந்த மாநில வியாபாரிகள் சங்கங்கள் தனித்தனியே அறிவிக்கின்றன.

இந்த விலையை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. சர்வதேச சந்தையில் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் தங்கத்தின் டாலர் விலை முதலாவது. டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு இரண்டாவது. இறக்குமதி வரி மூன்றாவது. முதல் இரண்டும் நாள்தோறும் மாறுவதால் விலையும் மாறுகிறது. வரி எப்போதாவதுதான் மாறும். ஆனால், அதன் தாக்கம் பெரிது.

2024 ஜூலை 23-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் இந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அன்றே கேரளத்தில் பவுனுக்கு ரூ.2,000 குறைந்து ரூ.51,960 ஆனது. ஆனால், அக்டோபர் இறுதியில் விலை ரூ.59,000-ஐக் கடந்தது. விலை மேலும் வெகுவாகக் குறையும் என்று மூன்று மாதம் காத்திருந்தவர்கள் பவுனுக்கு ரூ.7,000-க்கு மேல் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

தினசரி ஏற்ற இறக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் காணலாம். கிராம் ரூ.9,000 என்று கொண்டால், 2 பவுன் (16 கிராம்) தங்கத்தின் மதிப்பு ரூ.1,44,000. செய்கூலி 8 சதவீதம் எனில், ஜிஎஸ்டியும் சேர்த்து ரூ.1,60,186 ஆகும். மறுநாள் கிராமுக்கு ரூ.40 குறைந்தால் மிச்சமாவது சுமார் ரூ.712 மட்டுமே. அதேவேளையில், செய்கூலி 18 சதவீதமாக உள்ள நகையைத் தேர்ந்தெடுத்தால் தொகை ரூ.1,75,018 ஆகிவிடும். இந்த ரூ.14,832 வித்தியாசத்தை ஈடுகட்ட, பவுன் விலை சுமார் ரூ.6,100 குறைந்தாக வேண்டும்.

எனவே, ஒருநாள் விலைச் சரிவுக்காகக் காத்திருப்பதைவிட, இரண்டு மூன்று கடைகளில் செய்கூலியையும் சேதாரத்தையும் கேட்டு ஒப்பிடுவதே பயனளிக்கும். எல்லையைத் தாண்டி வாங்க விரும்புவோரும் கிராம் விலையை மட்டும் பாராமல், ரசீதின் இறுதித் தொகையை ஒப்பிட வேண்டும். கல் பதித்த நகையெனில், கல்லின் எடை நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் ரசீதில் சரிபார்க்க வேண்டும். ஹால்மார்க் முத்திரையுடன் உள்ள ஆறு இலக்க எச்யூஐடி குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் பதிவிட்டால் நகையின் தரம் தெரியும்.

திருமணத் தேதி முடிவாகியிருந்தால், தேவையான அளவைச் சில மாதங்களில் பிரித்து வாங்குவது சராசரி விலையைத் தரும். மிகக் குறைந்த விலை கிடைக்காவிட்டாலும், உச்ச விலையில் மொத்தமாக வாங்கும் அபாயம் குறையும். பல கடைகளில் முன்பதிவு வசதியும் உண்டு. முன்பதிவு நாள், வாங்கும் நாள் ஆகியவற்றில் எது குறைவோ அந்த விலையே பொருந்தும் என்பதை எழுத்துபூர்வமாகப் பெற்ற பிறகே முன்பணம் செலுத்துவது நல்லது.