70 கிலோ உடம்பில் 500 லிட்டரா?

டிகாக்சின் என்ற இதய மருந்தின் ‘பரவல் கனஅளவு’ 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 500 லிட்டர் என்பது மருந்தியல் கணக்கு. அவர் உடம்பில் உள்ள மொத்த நீரே ஏறக்குறைய 42 லிட்டர்தான். மீதி எங்கிருந்து வந்தது?

ஒரு வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியவில்லை. 10 மில்லிகிராம் சாயத்தைப் போட்டுக் கலக்கிப் பார்த்தால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் 10 லிட்டர். இப்போது அதே வாளியின் அடியில் ஒரு துணி கிடந்து, 9 மில்லிகிராம் சாயத்தை உறிஞ்சிவிட்டது என்று வையுங்கள். தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் மிஞ்சும். துணி இருப்பது தெரியாமல் கணக்குப் போட்டால் 100 லிட்டர் என்று விடை வரும்!

டிகாக்சினுக்கு அந்தத் துணி நம் தசைகள், குறிப்பாக இதயத் தசை. மருந்தில் பெரும்பகுதி அங்கே போய் ஒட்டிக்கொள்ள, ரத்தத்தில் மிகக் கொஞ்சமே தங்குகிறது. அதனால்தான் மருந்து அளவுமீறிவிட்டால் டயாலிசிஸ் பயன்படுவதில்லை. அது சுத்தப்படுத்துவது ரத்தத்தை மட்டுமே.

இந்தக் கற்பனை லிட்டர்தான் முதல் டோஸை முடிவு செய்கிறது. டிகாக்சின் பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் ஆகும். தினசரி அளவை மட்டும் கொடுத்துவந்தால் ரத்தத்தில் தேவையான அளவு சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தோடு அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே வாளியை முதலிலேயே நிரப்பிவிடுகிறார்கள். இதுவே ‘லோடிங் டோஸ்’.

கணக்கு எளிது. ரத்தத்தில் லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் வேண்டுமென்றால், அதை 500-ஆல் பெருக்க 750 மைக்ரோகிராம். மாத்திரையில் சுமார் 70 சதவீதமே ரத்தத்தில் சேரும் என்பதால் 0.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,000. அதாவது 250 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு.

நான்கையும் ஒன்றாகக் கொடுப்பதில்லை. முதலில் இரண்டு, ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, மேலும் ஆறு மணி நேரம் கழித்து ஒன்று. ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பையும் இசிஜியையும் பார்ப்பார்கள். குமட்டலோ, துடிப்பு மிகவும் குறைவதோ தெரிந்தால் அடுத்த மாத்திரை நிறுத்தப்படும். தசைக்குள் மருந்து ஊற நேரமாகும் என்பதால், ஆறு மணி நேரத்துக்கு முன் ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும்.

டிகாக்சின் கொழுப்பில் அதிகம் சேராது. அதனால் பருமனானவருக்கு, உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்தே கணக்கிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவரிடம் பரவல் கனஅளவே சுருங்குவதால் லோடிங் டோஸைக் குறைப்பார்கள். அதன்பின் தினமும் எவ்வளவு என்பதை இந்த லிட்டர் கணக்கு சொல்லாது. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகமே அதைத் தீர்மானிக்கிறது.