கம்பெனி டிடிஎஸ் பிடிச்சுட்டு கட்டல, நோட்டீஸ் மட்டும் நமக்கு: புகாரை எதுவரைக்கும் கொண்டு போகலாம்?

26ஏஎஸ் வீடியோவுக்கு அப்புறம் எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "சார், போர்ட்டல்ல மூணு தடவை கிரீவன்ஸ் போட்டுட்டேன், மூணையும் க்ளோஸ் பண்ணிட்டாங்க. இன்கம்டாக்ஸ் ஆம்பட்ஸ்மேன் கிட்ட போகலாமா?"

போக முடியாது. ஏன்னா அப்படி ஒருத்தர் இப்போ இல்ல. 2003-ல உருவாக்கின அந்தப் பதவி சென்னையிலயும் இருந்தது. 2019 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை அதை ஒழிச்சிடுச்சு. புதுப் புகார்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடுச்சு, மக்கள் ஆன்லைன் வழிகளையே விரும்பறாங்கன்னு காரணம் சொன்னாங்க. பழைய கட்டுரைகள் இன்னும் கூகுள்ல மேல வர்றதால, இல்லாத ஆபீசுக்கு லெட்டர் எழுதறவங்க இன்னும் இருக்காங்க. பிரிட்டன்ல வரித்துறை மேல வர்ற புகார்களைக் கேக்க அட்ஜுடிகேட்டர்னு தனி அலுவலகம் 1993-லேருந்தே இருக்கு. நமக்கு அந்த இடத்துல மிச்சம் இருக்கிற சுதந்திரமான அமைப்பு ஹைகோர்ட் மட்டும்தான். ஆனா அங்க போறதுக்கு முன்னாடி தாண்ட வேண்டிய படிகள் சில இருக்கு.

ஒரு கணக்கை வச்சே பார்ப்போம். கள்ளிக்குப்பத்துல குடியிருந்து, அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தர்னு வச்சுக்கோங்க. 2023-24-ல மாசம் 80,000 சம்பளம், வருஷத்துக்கு 9,60,000. புது ரெஜிம்ல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000 போனா 9,10,000. செஸ்ஸோட சேர்த்து வரி 48,360. கம்பெனி மாசம் 4,030 பிடிச்சது, அதனால வருஷக் கடைசியில கணக்கு நேர். ஆனா செப்டம்பர் வரைக்கும்தான் கட்டினாங்க. அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் பிடிச்ச 24,180 அரசாங்கத்துக்குப் போகவே இல்ல. அப்புறம் கம்பெனி ஷட்டரையும் இறக்கிட்டாங்க.

இவர் ரிட்டர்ன்ல முழு 48,360-ஐயும் காட்டினார். பெங்களூரு சிபிசி 26ஏஎஸ்-ல இருக்கிற பாதியை மட்டும் ஒத்துக்கிட்டு, மீதி 24,180-க்கும் அதுக்கு மேல வட்டிக்கும் 143(1) இன்டிமேஷன் அனுப்பிச்சது.

இங்க எல்லாரும் செய்யறது ரெக்டிஃபிகேஷன் போடறது. சிபிசி மறுபடியும் அதே 26ஏஎஸ்-ஐத்தான் பார்க்கும், அதே டிமாண்ட்தான் திரும்ப வரும். கிரீவன்ஸ் போட்டா "டிடக்டரை டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தச் சொல்லுங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. மூடின கம்பெனியை எங்கே போய்த் தேடுறது?

வருமான வரிச் சட்டம், 1961-ல 205-வது பிரிவு இதுக்காகவே இருக்கு. சம்பளத்துலேருந்து வரியைப் பிடிச்சுட்டாங்கன்னா, பிடிச்ச அளவுக்கு அந்த வரியை உங்ககிட்ட நேரடியா கேக்கக் கூடாது. கட்டாதது கம்பெனியோட தப்பு, வசூலிக்க வேண்டியதும் அவங்ககிட்டதான். சிபிடிடி-யே 2015 ஜூன் 1-ல, இந்த மாதிரி டிமாண்டை கட்டாயப்படுத்தி வசூலிக்காதீங்கன்னு அதிகாரிகளுக்கு எழுதிச்சு. 2016 மார்ச் 11-ல மறுபடியும் சொன்னாங்க. உங்க புகார்ல இந்த ரெண்டு தேதியும் இருக்கணும்.

முதல்ல போர்ட்டல்ல Pending Actions-க்குள்ள Response to Outstanding Demand போய் Disagree குடுங்க. இதைச் செய்யாம விட்டா, அடுத்த வருஷ ரீஃபண்ட்லேருந்து 245-வது பிரிவுல கழிச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி வர்ற இன்டிமேஷனுக்கும் அதுல குடுத்திருக்கிற நாளுக்குள்ள பதில் போடணும். அப்புறம் உங்க பான் எந்த அசெஸ்ஸிங் ஆபீசர் கிட்ட இருக்குன்னு பார்த்து, அவருக்கே எழுத்துல மனு குடுங்க. கம்பெனியோட டான் நம்பர், மாச வாரியா பிடிச்ச தொகை, பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைக்கணும். நேர்ல குடுத்தா சீல் போட்ட நகல் வாங்காம திரும்பாதீங்க. பின்னாடி கோர்ட்ல பேசப்போறது அந்த சீல்தான்.

இதுல ஆதாரம்தான் உயிர். பே ஸ்லிப்ல டிடிஎஸ்னு தனி வரி இருக்கணும், அது போக மிச்சம் எவ்வளவோ அதே தொகை பேங்க்ல வந்திருக்கணும். 80,000-ல 4,030-உம் பிஎஃப்-உம் போய் வந்த தொகை மாசா மாசம் ஒத்துப்போனா கேஸ் பலம். ஸ்லிப்பே இல்லாம, சம்பளம் மட்டும் குறைஞ்சு வந்திருந்தா, "பிடிச்சாங்க"ன்னு நிரூபிக்கறது ரொம்பக் கஷ்டம். கம்பெனி ஆட்டம் காணுற மாதிரி தெரிஞ்சாலே ஸ்லிப்பை எல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கோங்க. ஹெச்ஆர் போர்ட்டல் முதல்ல போயிடும்.

இதுக்கும் அசையலைன்னா சிபிகிராம்ஸ், அதாவது pgportal.gov.in. இது வருமான வரித்துறையோட சைட் இல்ல, மத்திய அரசோட நிர்வாகச் சீர்திருத்தத் துறை நடத்துறது. இப்போ இருக்கிற விதிப்படி 21 நாள்ல முடிக்கணும். திருப்தி இல்லாம க்ளோஸ் ஆனா 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். ஆனா புகாரையும் அப்பீலையும் கடைசியில பார்க்கறது வரித்துறை அதிகாரிங்கதான், அப்பீல்ல கொஞ்சம் சீனியர், அவ்வளவுதான். அதனால இதை சுதந்திரமான அமைப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் செய்யுங்க. "டிமாண்ட் தப்பு"ன்னு பொதுவா எழுதினா சிபிசி-க்குப் போய் அதே பதில் வரும். "மனு குடுத்த தேதி இது, 205-வது பிரிவுப்படி முடிவெடுக்கலை, ரீஃபண்ட்ல கழிக்கக் கூடாது"ன்னு எழுதினா அசெஸ்ஸிங் ஆபீசர் தனியா பதில் சொல்ல வேண்டி வரும்.

அதுவும் தோத்தா, அரசியல் சட்டம் 226-வது பிரிவுல சென்னை ஹைகோர்ட்ல ரிட் மனு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பிடிச்சுட்டு கட்டாத டிடிஎஸ்-க்காக டிமாண்ட் வந்த ஒரு பைலட்டுக்கு, 2021-ல குஜராத் ஹைகோர்ட் இதே 205-ஐ வச்சு நிவாரணம் குடுத்தது. 2023-ல டெல்லி ஹைகோர்ட் இன்னும் ஒரு படி மேல போச்சு: நேரடியா கேக்காம அடுத்த ரீஃபண்ட்ல கழிச்சாலும் அதுவும் வசூல்தான், அதையும் செய்யக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இந்த ரெண்டாவது பாயின்ட் ரொம்ப முக்கியம். "நாங்க கேக்கலையே, அட்ஜஸ்ட்தானே பண்றோம்"னுதான் துறை வழக்கமா சொல்லும். வேற மாநிலத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது, ஆனா வக்கீல் எடுத்துக்காட்ட நல்ல ஆயுதம்.

இப்போ காசு விஷயம். 24,180-க்காக தனியா ஒரு ரிட் போட்டா வக்கீல் ஃபீஸ் அதைத் தாண்டவே வாய்ப்பு அதிகம். என் கருத்து, தொகை லட்சத்தைத் தொட்டாலோ, வருஷா வருஷம் ரீஃபண்ட் போய்க்கிட்டே இருந்தாலோ யோசிக்கலாம். அதே கம்பெனியில வேலை பார்த்த பத்து பேருக்கும் இதே பிரச்சனைதான் இருக்கும். ஆளுக்கொரு மனுவா இருந்தாலும் ஒரே வக்கீல், ஒரே வாதம், செலவு பங்காகும். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத் திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி கேக்க உரிமை இருக்கு. ஹைகோர்ட்லயே அதுக்குன்னு சட்ட சேவைக் குழு இருக்கு. சம்பளக்காரங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கறதே இல்ல.

ரிட் போடற வரைக்கும் வேண்டாம்னு முடிவு பண்ணாலும் Disagree பதிலை மட்டும் விட்டுடாதீங்க, ஒவ்வொரு 245 இன்டிமேஷனுக்கும் அதே மனு நகலை இணைச்சுப் பதில் போடுங்க.