குடும்பத்துக்கே ஒரு பான் அட்டை

பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதை வைத்திருப்பவர் யார் என்பதைச் சொல்லிவிடும். தனிநபர் என்றால் P, கம்பெனி என்றால் C. அந்த இடத்தில் H இருந்தால், அது ஒரு குடும்பத்தின் எண். அப்பா, அம்மா, பிள்ளைகள் ஆகியோருக்குத் தனித்தனியே பான் இருந்தாலும், அவர்கள் சேர்ந்த இந்துக் கூட்டுக் குடும்பத்தை வருமான வரிச் சட்டம் இன்னொரு 'நபர்' ஆகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆடிட்டர்கள் இதை எச்.யூ.எஃப். என்பார்கள். இந்துக்களோடு சமணர், பௌத்தர், சீக்கியர் குடும்பங்களுக்கும் இது உண்டு. கேரளம் மட்டும் கூட்டுக் குடும்ப முறையைச் சட்டம் போட்டு 1976 டிசம்பரிலிருந்து ஒழித்துவிட்டது.

இதில் கிடைக்கும் லாபத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் செந்தில் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 30 லட்சம். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பிரிக்காமல் இருந்த பூர்வீகச் சொத்தை அப்பாவும் பெரியப்பாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து பாகப் பிரிவினை செய்தபோது, ஈரோட்டில் இருக்கும் ஒரு கடைக் கட்டடம் செந்தில் பங்குக்கு வந்தது. மாத வாடகை 60,000 ரூபாய். ஆண்டுக்கு 7,20,000. அதில் கட்டிய சொத்து வரி 20,000 போக 7 லட்சம். சட்டம் அனுமதிக்கும் 30 சதவீதக் கழிவும் போனால் 4,90,000 மிஞ்சும்.

இதைச் செந்திலின் சொந்த வருமானத்தோடு சேர்த்தால், அவர் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கில் இருப்பதால், செஸ்ஸும் சேர்த்து 1,52,880 ரூபாய் வரி போகும். அதே வாடகை செந்தில், மனைவி, மகள், மகன் அடங்கிய கூட்டுக் குடும்பத்தின் கணக்கில் வந்தால் நிலைமை வேறு. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மிச்சம் 90,000 ரூபாய்க்கு 5 சதவீதம். செஸ்ஸோடு 4,680 ரூபாய்தான்.

12 லட்சம் வரை வரியே கிடையாது என்கிறார்களே, பிறகு ஏன் இந்த 4,680 என்று கேட்கலாம். அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு மட்டும். குடும்பத்துக்குக் கிடையாது.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பலரும் செய்வது, குடும்பத்தின் பேரில் பான் வாங்கி, வங்கிக் கணக்குத் திறந்து, தன் சேமிப்பை அதில் போடுவது. இங்கேதான் தவறு நடக்கிறது. பான் வாங்குவது எளிது. கர்த்தா, அதாவது குடும்பத்தை நிர்வகிப்பவர், உறுப்பினர்களின் பெயரைச் சொல்லி ஓர் உறுதிமொழி கொடுத்தால் போதும். ஆனால் வருமானம் குடும்பத்துடையதுதானா என்பதை அந்த அட்டை தீர்மானிப்பதில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதே தீர்மானிக்கிறது.

செந்தில் தன் சம்பளத்தில் சேர்த்த 20 லட்சத்தைக் குடும்பக் கணக்குக்கு மாற்றி வைப்புநிதியில் போட்டார் என்றால், அதன் வட்டி செந்திலின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். 1969 டிசம்பர் 31-க்குப் பிறகு, ஓர் உறுப்பினர் தன் சுயசம்பாத்தியத்தைப் போதிய விலை பெறாமல் குடும்பச் சொத்தாக மாற்றினால் இதுதான் விதி. வட்டி குடும்பக் கணக்கில் தங்கி, அந்த வட்டி மறுபடி சம்பாதிக்கும் தொகை மட்டுமே குடும்பத்துடையதாகும். வெளியாள் யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் சிக்கல்தான். ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் குடும்பத்தின் வரிக்குரிய வருமானம் ஆகிவிடும்.

சம்பளத்தை எந்த வழியிலும் குடும்ப வருமானமாக்க முடியாது. அது ஆளின் உழைப்புக்கு வருவது. வாடகை, வட்டி, பங்கு ஈவு, குடும்ப முதலில் நடக்கும் வியாபாரத்தின் லாபம், குடும்பச் சொத்தை விற்றால் வரும் மூலதன ஆதாயம் ஆகியவை குடும்பத்துக்கு இருக்கலாம்.

அப்பா விட்டுச்சென்ற வீடு என்ன கணக்கு? பெரும்பாலோர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, அவர் உயில் எழுதாமல் இறந்து மகனுக்கு வந்தால், அது மகனின் தனிச் சொத்து. கூட்டுக் குடும்பச் சொத்தல்ல. 1956 வாரிசுச் சட்டத்துக்குப் பின் நிலைமை மாறிவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் கருப்பன் செட்டியார் வழக்கில் 1978-இல் சொன்னது. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 'அப்பா வழி வந்தது, ஆகவே பூர்வீகம்' என்று வீட்டில் பேசிக்கொள்வது சட்டத்தின் முன் நிற்காது.

உயில் இருந்தால் அதன் வாசகம் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன அருணாச்சல முதலியார் வழக்கில் 1953-இலேயே இது முடிவானது. தந்தை தன் சுயசம்பாத்தியத்தை மகனுக்கு எழுதிவைத்தால், அவனுக்கு மட்டுமா, அவன் குடும்பத்துக்கா என்பதைப் பத்திரத்தில் தெரியும் நோக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். 'என் மகன் முழு உரிமையுடன் அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்றிருந்தால் தனிச்சொத்து. 'என் மகனின் கூட்டுக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது' என்று தெளிவாக எழுதியிருந்தால் குடும்பச் சொத்து. உயில் வழி வருவதால் அன்பளிப்பு வரியும் கிடையாது.

செந்திலின் கட்டடம் பாகப் பிரிவினையில் வந்தது என்பதால்தான் தேறியது. அதன் பிறகும் அவர் செய்ய வேண்டியது இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைக் குடும்பத்தின் பேரில், 'கர்த்தா' என்று கையெழுத்திட்டுப் போட வேண்டும். வாடகை குடும்ப வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். வாடகைதாரர் பிடிக்கும் டி.டி.எஸ். குடும்பத்தின் பான் எண்ணில் ஏற வேண்டும். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால் எந்த எண்ணில் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே செந்திலின் சொந்த எண் இருந்தால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் நோட்டீஸ் வரும். குடும்பக் கணக்கிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்கும் பணத்துக்கு மகள் கையில் வரி இல்லை. வரி ஏற்கெனவே குடும்பம் கட்டியது.

மகள் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாடு 1989-லேயே, அன்று திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்குரிமை தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே குடும்பக் கணக்கில் சேர்த்த சொத்து, செந்திலின் மகளுக்கும் பிறப்பால் சேர்ந்தது. கல்யாணம் ஆனாலும் அந்த உரிமை போகாது. வரி மிச்சத்துக்காகக் குடும்பச் சொத்து என்று அறிவித்துவிட்டு, பிறகு மகன் பேருக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது.

வெளியே வரும் வழியும் குறுகலானது. 1978-க்குப் பிறகு செய்யும் பகுதிப் பிரிவினையை வரித்துறை ஏற்பதில்லை. ஏற்கெனவே கூட்டுக் குடும்பமாக வரி கட்டி வந்தால், சொத்து முழுவதையும் பிரித்து, வரி அதிகாரியிடம் அதற்கான உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை குடும்பம் பிரியவில்லை என்றே வரி போடுவார்கள்.

ஆகவே குடும்பத்துக்குப் பான் விண்ணப்பம் போடும் முன், மூலப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், உயில் மூன்றையும் ஆடிட்டரிடம் மட்டுமல்ல, சொத்து வழக்கு நடத்தும் வக்கீலிடமும் காட்டிக் கேளுங்கள். வீட்டுப் பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.